ஆயிரம் டாலர் அனுப்பினால் எவ்வளவு வந்து சேரும்?

(வெளிநாட்டில் வேலை பார்ப்போரின் குடும்பத்தினருக்கான கூட்டமொன்றில், வங்கியின் அந்நியச் செலாவணிப் பிரிவில் பணியாற்றி ஓய்வுபெற்ற அலுவலர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



உங்களில் பலருக்கு வெளிநாட்டிலிருந்து மாதாமாதம் பணம் வருகிறது. மகன் அனுப்பலாம், மகள் அனுப்பலாம், வீட்டுக்காரர் அனுப்பலாம். உங்களிடம் ஒரே ஒரு கேள்வி. அவர்கள் போனில் சொன்ன தொகையும், பாஸ்புக்கில் ஏறிய தொகையும் ஒருமுறையாவது அப்படியே ஒத்துப்போயிருக்கிறதா? பெரும்பாலும் இருக்காது. நூறோ இருநூறோ குறைந்தால் பேசாமல் விட்டுவிடுகிறோம். ஆயிரம், இரண்டாயிரம் குறையும்போதுதான் "யாரு எடுத்தது?" என்ற கேள்வி வருகிறது.

நான் கிளையில் இருந்தபோது அறந்தாங்கிப் பக்கத்திலிருந்து ஓர் அம்மா வந்தார். மகன் துபாயில் வேலை. நகைக்கடனை முடித்து நகையை மீட்க வட்டியோடு 84,600 ரூபாய் கட்ட வேண்டும். மகன் செல்போனில் அன்றைய டாலர் விலையைப் பார்த்து, ஆயிரம் டாலர் என்றால் 85,000 ரூபாய் ஆகும், மேலே 400 மிச்சம் என்று கணக்குப் போட்டு அனுப்பிவிட்டார். கணக்கில் ஏறியது 82,620 ரூபாய் 55 காசு. அந்த அம்மா கவுன்டரில் நின்று கேட்டார்: "சார், அவன் முழுசா அனுப்பிட்டேன்னு சத்தியம் பண்றான். நீங்களும் ஒண்ணும் எடுக்கலேங்கிறீங்க. அப்ப நடுவுல யாரு சார் எடுத்தா?"

நியாயமான கேள்வி. அவருக்கு அன்று நான் சொன்ன பதிலைத்தான் இன்று உங்களுக்கும் விரிவாகச் சொல்லப் போகிறேன். புரிவதற்கு எளிதாக இருக்க, ஒரு டாலர் 85 ரூபாய் என்று வைத்துக்கொண்டு, மற்ற தொகைகளையும் அதற்கேற்ப எடுத்துக்கொள்கிறேன். உங்கள் வங்கியின் கட்டணம் இதைவிடக் கூடலாம், குறையலாம். ஆனால் பணம் எந்தெந்த இடத்தில் குறைகிறது என்பது எல்லோருக்கும் ஒன்றுதான்.

பணம் போவதில்லை, தகவல்தான் போகிறது

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். துபாய் வங்கி உங்கள் ஊர் வங்கிக்கு நோட்டுக்கட்டு எதையும் அனுப்புவதில்லை. "இன்னாருக்கு இவ்வளவு கொடுங்கள்" என்ற தகவலைத்தான் அனுப்புகிறது. அந்தத் தகவல் போகும் வலையமைப்பின் பெயர்தான் ஸ்விஃப்ட். தகவல் போன பிறகு வங்கிகள் தங்களுக்குள் கணக்கை நேர் செய்துகொள்ள வேண்டும்.

இதற்கு நம்ம ஊர் உதாரணம் ஒன்று சொல்கிறேன். உங்கள் ஊரில் ஒரு மளிகைக்கடை. பக்கத்து ஊரில் இன்னொரு மளிகைக்கடை. இருவருக்கும் நேரடிக் கொடுக்கல் வாங்கல் கிடையாது. ஆனால் இரண்டு பேருக்குமே காரைக்குடியில் ஒரே மொத்தக் கடையில் பற்றுவரவுக் கணக்கு இருக்கிறது. இவர் அவருக்குப் பணம் தர வேண்டும் என்றால், மொத்தக் கடைக்காரர் இவர் கணக்கில் பற்று எழுதி, அவர் கணக்கில் வரவு வைத்தால் போதும். அதற்கு அவர் ஒரு கூலி எடுத்துக்கொள்வார்.

டாலரில் அனுப்பும்போது அந்த மொத்தக் கடை பெரும்பாலும் நியூயார்க்கில் இருக்கிற ஒரு பெரிய வங்கி. அதை கரஸ்பாண்டெண்ட் வங்கி என்பார்கள். நாம் இடைவங்கி என்று வைத்துக்கொள்வோம். துபாய் வங்கிக்கும் நம் வங்கிக்கும் ஒரே இடைவங்கியில் கணக்கு இருந்தால் ஒரு கைதான் நடுவில். இரண்டுக்கும் வெவ்வேறு இடைவங்கி என்றால் நடுவில் இரண்டு கை. ஒவ்வொரு கையும் தன் கூலியைப் பிடித்துக்கொண்டுதான் அடுத்த கைக்குத் தரும்.

அந்த அம்மாவின் பணத்தில் இப்படிப் பிடிக்கப்பட்டது 15 டாலர். நம் வங்கிக்கு வந்தபோதே அது 985 டாலர்தான். 85 ரூபாய் வீதம் பார்த்தால் 1,275 ரூபாய் இங்கேயே போய்விட்டது.

இந்தக் கூலி பெரும்பாலும் தொகைக்குத் தகுந்த மாதிரி ஏறுவதில்லை. 200 டாலர் அனுப்பினாலும் 15, 5,000 டாலர் அனுப்பினாலும் 15 என்றுதான் இருக்கும். 200 டாலரில் 15 போனால் நூற்றுக்கு ஏழரை. 5,000 டாலரில் 15 போனால் நூற்றுக்கு முப்பது காசு. வாரம் ஒருமுறை சிறுசிறு தொகையாக இந்த வழியில் அனுப்புகிறவர்கள்தான் அதிகம் இழக்கிறார்கள். இந்த வழியில்தான் அனுப்ப வேண்டும் என்றால், சேர்த்து ஒரே தடவையாக அனுப்பச் சொல்லுங்கள்.

அந்த மூன்று எழுத்து

இந்தக் கூலியை யார் ஏற்பது என்பதை அனுப்புகிறவர்தான் முடிவு செய்கிறார். முடிவு செய்கிறோம் என்பதே பலருக்குத் தெரியாது. விண்ணப்பத்திலோ செயலியிலோ கட்டணம் என்ற இடத்தில் OUR, SHA, BEN என்று மூன்று தேர்வுகள் இருக்கும். OUR என்றால் வழியில் ஆகும் கட்டணத்தையும் அனுப்புகிறவரே ஏற்கிறார். BEN என்றால் எல்லாக் கட்டணமும் பெறுகிறவர் தலையில். SHA என்றால் பங்கு: அனுப்பும் வங்கியின் கட்டணம் அனுப்புகிறவருக்கு, அதற்குப் பிறகு வருவதெல்லாம் பெறுகிறவருக்கு. நாம் எதையும் தொடாமல் விட்டால் பல இடங்களில் SHA தான் தேர்வாகியிருக்கும். அந்த மகனும் அதைத் தொடவில்லை. அதனால்தான் அவர், "நான் எல்லா சார்ஜும் கட்டிட்டேனே" என்று நம்பினார். அவர் கட்டியது தன் வங்கியின் கட்டணத்தை மட்டும்தான்.

அப்படியானால் எப்போதும் OUR என்று போட்டுவிடலாமா? அதற்கு அங்கே கூடுதலாகக் கட்ட வேண்டும். அந்தக் கூடுதல், வழியில் பிடிபடும் தொகையைவிட அதிகமாக இருந்தால் லாபமில்லை. ஆனால் கல்லூரிக் கட்டணம், கடன் தவணை என்று சரியான தொகை சேர்ந்தே ஆக வேண்டிய சமயத்தில் OUR தான் பொருத்தம். அப்போதும், "முழுத் தொகையும் போய்ச் சேருமென்று உறுதி தருவீர்களா?" என்று அனுப்பும் வங்கியில் வாய்விட்டுக் கேட்டுக்கொள்வது நல்லது.

விலையில் ஒளிந்திருக்கிற கட்டணம்

985 டாலர் வந்தது. அதை ரூபாயாக்க வேண்டும். இங்கேதான் இரண்டாவது குறைவு. இது எந்த ரசீதிலும் "கட்டணம்" என்ற பெயரில் இருக்காது.

செல்போனில் தேடினால் தெரிகிற டாலர் விலை, பெரிய வங்கிகள் தங்களுக்குள் வாங்கி விற்கும் விலையின் நடுப்புள்ளி. அந்த விலையில் உங்களுக்கும் எனக்கும் யாரும் தரமாட்டார்கள். நம்மிடமிருந்து வாங்கும்போது வங்கி கொஞ்சம் குறைத்து வாங்கும். வெளிநாட்டிலிருந்து கணக்குக்கு வரும் பணத்துக்கு வங்கி தரும் இந்த விலையை "டிடி வாங்கும் விலை" என்பார்கள். ஒவ்வொரு வேலை நாளும் வங்கிகள் இதை வெளியிடுகின்றன. நடுவிலை 85 ஆக இருந்த அன்று, அந்த அம்மாவுக்குக் கிடைத்தது 84 ரூபாய் 15 காசு. டாலருக்கு 85 காசுதானே என்று தோன்றும். 985 டாலருக்கு அது 837 ரூபாய் 25 காசு.

இடைவங்கியின் கூலி தொகை கூடினாலும் ஏறாது என்று சொன்னேன். இது அப்படியில்லை, தொகையோடு சேர்ந்தே வளரும். 5,000 டாலருக்கு இதே வித்தியாசம் 4,250 ரூபாய் ஆகிவிடும். ஆகவே சின்னத் தொகைக்கு வழிக்கூலியைப் பாருங்கள், பெரிய தொகைக்கு விலையைப் பாருங்கள். பெரிய தொகை வரப்போகிறது என்றால் முன்கூட்டியே கிளையில் சொல்லி, "இதற்கு நல்ல ரேட் கிடைக்குமா?" என்று கேளுங்கள். பலகையில் இருக்கிற விலை பொதுவாகச் சிறிய தொகைகளுக்கானது. பெரிய தொகைக்குக் கிளையிலிருந்து தலைமை அலுவலகத்தைக் கேட்டுத் தனி விலை வாங்கித் தர முடியும். கேட்காதவருக்கு அது கிடைக்காது.

துபாயிலும் ஒரு மாற்று நடந்திருக்கிறது என்பதை மறக்க வேண்டாம். மகனின் சம்பளம் திர்ஹாமில். ஒரு டாலருக்கு 3.6725 திர்ஹாம் என்பது 1997 முதல் மாறாத நிலையான விலை. ஆனால் அவருடைய வங்கி டாலருக்கு 3.685 திர்ஹாம் எடுத்தது. ஆயிரம் டாலருக்கு பன்னிரண்டரை திர்ஹாம் கூடுதல். நம் காசில் ஏறக்குறைய 290 ரூபாய். திர்ஹாமை டாலராக்கி, டாலரை ரூபாயாக்கி, இரண்டு தடவை மாற்றி இரண்டு தடவை இழந்திருக்கிறார்.

இங்கே பிடிப்பது

மூன்றாவது, நம் வங்கியில் பிடிப்பது. இதில் ஜிஎஸ்டியைப் பற்றித் தவறான எண்ணம் இருக்கிறது. "பையன் அனுப்புற காசுக்கும் வரியா?" என்று கோபப்படுகிறார்கள். வந்த பணத்துக்கு ஜிஎஸ்டி இல்லை. டாலரை ரூபாயாக மாற்றித் தரும் சேவைக்குத்தான் வரி. மாற்றிய தொகை ஒரு லட்சம் ரூபாய் வரை என்றால், அதில் ஒரு சதவீதத்தைச் சேவையின் மதிப்பாக எடுத்துக்கொள்வார்கள். அந்த மதிப்பு 250 ரூபாய்க்குக் குறையக் கூடாது. அதன்மேல் 18 சதவீதம் வரி. எனவே எவ்வளவு சின்னத் தொகையாக இருந்தாலும் 45 ரூபாய் போகும். ஒரு லட்சத்துக்கு 180 ரூபாய். லட்சத்துக்கு மேல் விகிதம் குறையும்.

அந்த அம்மாவுக்கு 985 டாலரை 84.15 வீதம் மாற்றியதில் 82,887 ரூபாய் 75 காசு. அதற்கு ஜிஎஸ்டி 149 ரூபாய் 20 காசு. பிறகு வங்கியின் சேவைக் கட்டணம் 100 ரூபாயும், அதன் வரி 18 ரூபாயும். இரண்டையும் கழித்தால் 82,620 ரூபாய் 55 காசு. பாஸ்புக்கில் இருந்த அதே தொகை.

இப்போது மொத்தமாகப் பாருங்கள். எதிர்பார்த்தது 85,000. குறைந்தது 2,379 ரூபாய் 45 காசு. அதில் வழிக்கூலி 1,275, விலையில் போனது 837.25, ஜிஎஸ்டி 149.20, வங்கிக் கட்டணம் வரியோடு 118. கூட்டிப் பாருங்கள், சரியாக வரும். யாரும் திருடவில்லை. ஆனால் யாரும் முன்கூட்டிச் சொல்லவும் இல்லை.

இன்னொன்றும் கவனியுங்கள். மகன் OUR போட்டு, ஆயிரம் டாலரும் முழுசாக வந்திருந்தால்கூட, 84.15 வீதம் மாற்றி வரியும் கட்டணமும் போகக் கிடைத்திருப்பது 83,880 ரூபாய் சொச்சம்தான். நகையை மீட்க அப்போதும் 700 ரூபாய்க்கு மேல் குறைந்திருக்கும். ஏனென்றால் OUR என்பது வழிக்கூலியை மட்டும்தான் பார்த்துக்கொள்ளும். விலையையும் நம் ஊர் வரியையும் அது தொடாது.

எங்கே போனது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பணம் குறைந்து வந்தால் பெரும்பாலும் மகன் தன்னிடமுள்ள ஸ்விஃப்ட் நகலை வாட்ஸ்அப்பில் அனுப்புவார். அதில் 1,000 டாலர் என்று தெளிவாக இருக்கும். அதைக் காட்டி கிளையில் சண்டை போடுவார்கள். அது புறப்பட்ட இடத்தின் நகல். பேருந்து கிளம்பும்போது எத்தனை பேர் ஏறினார்கள் என்பதைத்தான் அது சொல்லும். வழியில் யார் இறங்கினார்கள் என்பது அதில் இருக்காது.

நீங்கள் கேட்க வேண்டியது, நம் வங்கிக்கு வந்துசேர்ந்த தகவலின் விவரம். பழைய வடிவத்தில் 33B என்ற இடத்தில் அனுப்பச் சொன்ன தொகையும், 32A என்ற இடத்தில் வந்துசேர்ந்த தொகையும், 71F என்ற இடத்தில் வழியில் பிடித்ததும் இருக்கும். இப்போதைய புதிய வடிவத்தில் அவை InstdAmt, IntrBkSttlmAmt, ChrgsInf என்ற பெயர்களில் இருக்கின்றன. இவற்றை நீங்கள் மனப்பாடம் செய்ய வேண்டாம். கிளையில் இப்படிக் கேட்டால் போதும்: "உங்க கைக்கு எத்தனை டாலர் வந்துச்சு? எந்த ரேட்டுல மாத்துனீங்க? என்னென்ன பிடிச்சீங்க?" இந்த மூன்று பதிலையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

வந்ததே 985 டாலர் என்றால் குறைவு வழியில் நடந்தது. அதை நம் கிளையால் திருப்பித் தர முடியாது. அனுப்பியவர்தான் தன் வங்கியில் கேட்க வேண்டும். ஒவ்வொரு அனுப்புதலுக்கும் UETR என்ற 36 எழுத்து கொண்ட தனி எண் உண்டு. அதைக் கொடுத்தால், எந்த வங்கி எவ்வளவு பிடித்தது என்று அங்கே தேடிப் பார்க்க முடியும். OUR என்று பணம் கட்டியிருந்தும் வழியில் பிடித்திருந்தால், அந்தத் தொகையைத் திருப்பிக் கேட்கவும் இதுவே ஆதாரம்.

வந்தது 1,000 டாலர், ஆனால் இங்கே கட்டணப் பட்டியலில் இல்லாத தொகையைப் பிடித்திருக்கிறார்கள் என்றால், முதலில் வங்கிக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் பதில் வரவில்லை, அல்லது பதிலில் திருப்தி இல்லை என்றால், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் cms.rbi.org.in என்ற தளத்தில் கட்டணமில்லாமல் புகார் செய்யலாம். விவரம் கேட்க 14448 என்ற எண் இருக்கிறது. ஆனால் வெளிநாட்டு வங்கி வழியில் பிடித்ததை இங்குள்ள குறைதீர்ப்பாளர் விசாரிக்க முடியாது. அதனால்தான் குறைவு எங்கே நடந்தது என்று முதலில் தெரிந்துகொள்ளச் சொல்கிறேன்.

நியூயார்க் போகாத வழி

அப்படியென்றால் அந்த மகன் என்ன செய்திருக்கலாம்? வளைகுடா நாடுகளில் இருக்கிற எக்ஸ்சேஞ்ச் ஹவுஸ்கள் பல, ரிசர்வ் வங்கி அனுமதித்த ஏற்பாட்டின்படி இந்திய வங்கிகளில் ரூபாய்க் கணக்கு வைத்து, அதில் முன்கூட்டியே பணம் போட்டிருக்கின்றன. மகன் அங்கே திர்ஹாம் கொடுத்தால், இங்கே அந்த ரூபாய்க் கணக்கிலிருந்து அம்மாவின் கணக்குக்குப் பணம் மாறும். டாலரே இதில் வராது. நியூயார்க்கில் கூலி எடுக்க ஆள் இல்லை. மாற்று அங்கேயே முடிந்துவிடுவதால், எத்தனை ரூபாய் சேரும் என்பது ரசீதிலேயே இருக்கும். சில வங்கிச் செயலிகளிலும் டாலருக்குப் பதிலாக நேரடியாக ரூபாயில் அனுப்பும் வசதி உண்டு.

ஆனால் "சார்ஜ் இல்லை" என்ற பலகையைப் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது. ஒரு கடையில் கட்டணமே இல்லை, திர்ஹாமுக்கு 22.80 ரூபாய். இன்னொரு கடையில் 20 திர்ஹாம் கட்டணம், ஆனால் 23.05 ரூபாய். கையில் 3,685 திர்ஹாம் இருக்கிறது. முதல் கடையில் 84,018 ரூபாய் சேரும். இரண்டாவது கடையில் கட்டணம் போக 3,665 திர்ஹாமுக்கு 84,478 ரூபாய் சேரும். கட்டணம் வாங்குகிற கடையில்தான் 460 ரூபாய் அதிகம். கட்டணத்தை விலைக்குள் ஒளித்துவைப்பது எவ்வளவு சுலபம் பாருங்கள்.

அதே சமயம், உரிமம் இல்லாத ஆட்கள் "எங்ககிட்ட ரேட் அதிகம்" என்று சொன்னால் அந்தப் பக்கம் போக வேண்டாம். அது சட்டவிரோதம். பணம் போனால் கேட்க ரசீதும் இருக்காது.

ஆகவே "சார்ஜ் எவ்வளவு?" என்றும் கேட்க வேண்டாம், "டாலர் என்ன விலை?" என்றும் கேட்க வேண்டாம். இரண்டையும் சேர்த்து ஒரே கேள்வியாகக் கேட்கச் சொல்லுங்கள்: "எங்க அம்மா கணக்குல சரியா 84,600 ரூபாய் ஏறணும். நான் மொத்தம் எவ்வளவு கொடுக்கணும்?" இதற்கு ஒரே எண்ணாகப் பதில் சொல்கிற இடம் எது, அதில் குறைந்த எண் எது என்று பார்த்தால் போதும். பதில் சொல்ல முடியாத இடத்தில், வழியில் பிடிப்பு இருக்கிறது என்று புரிந்துகொள்ளலாம்.

அந்த அம்மா அன்று குறைந்த 1,979 ரூபாயை அக்கம்பக்கத்தில் கைமாற்று வாங்கி வந்து நகையை மீட்டார். அன்று மாலையே மகனுக்குப் போன் போட்டுத் தரச் சொன்னார். கணக்கை நான் ஒவ்வொன்றாகச் சொன்னேன். மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "அம்மாகிட்ட மன்னிப்பு கேட்டேன்னு சொல்லுங்க சார், அவங்க செலவு பண்ணிட்டு மறைக்கிறாங்கன்னு நெனச்சிட்டேன்" என்றார். போனை நான் அந்த அம்மாவிடமே கொடுத்துவிட்டேன்.

அடுத்த முறை உங்கள் வீட்டுக்குப் பணம் குறைந்து வந்தால், ஒருவரையொருவர் சந்தேகப்படுவதற்கு முன்னால், எத்தனை டாலர் வந்தது, எந்த விலையில் மாற்றினார்கள், என்ன பிடித்தார்கள் என்ற மூன்றையும் ஒரு தாளில் எழுதிக் கூட்டிப் பாருங்கள்.